சைகோன் நம்ம ஆளுங்க குரூப்: கடைக்கு ஆள் தேடுற விளம்பரம்

கவிதா: எல்லாருக்கும் வணக்கம் 🙏 மளிகைக் கடைக்கு ஒரு ஆள் வேணும்னு ஃபேஸ்புக் வேலை குரூப்புல வியட்நாமீஸ்ல விளம்பரம் போட்டுருக்கேன், லைக் வருது, ஆள் வரல. வந்த ரெண்டு பொண்ணுங்களும் ஜாலோ ஆப்புல "சம்பளம் எவ்ளோ"ன்னு ஒரு வரி கேட்டுட்டு காணாம போயிட்டாங்க. யாராவது பாத்து சொல்லுங்களேன். தமிழ்ல இதுதான் அதுல இருக்கு:

"கடையில் விற்பனை உதவியாளர் தேவை. பெண், வயது 18 முதல் 25, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். பில் போடுதல் மற்றும் இதர வேலைகள். காலை 8 முதல் இரவு 8. வாரம் ஒரு நாள் விடுப்பு. சம்பளம் பேசிக்கொள்ளலாம்."

லதா: கவி வேலை இருக்கா?? என் நாத்தனார் பொண்ணு திண்டுக்கல்ல பி.காம் முடிச்சிட்டு சும்மாதான் இருக்கா, நல்லா கணக்கு பாப்பா, டூரிஸ்ட் விசால வரச்சொல்லவா

கவிதா: லதாக்கா இது இங்க உள்ள பிள்ளைங்களுக்கு போட்ட விளம்பரம் கா 😅

முரளி: அக்கா அத மட்டும் பண்ணிடாதீங்க. டூரிஸ்ட் விசால வேலை பாக்கக்கூடாது, ஒர்க் பெர்மிட்டும் மேனேஜர், எக்ஸ்பர்ட், டெக்னிக்கல் ஆள்னு அந்த மாதிரி போஸ்டுக்குத்தான் குடுப்பாங்க, கடையில பில் போடுற வேலைக்கு வெளிநாட்டு ஆள எடுக்க முடியாது.

லதா: பாலா மட்டும் பெர்மிட் இல்லாம வேலை பாக்குறாரே

பாலா: அக்கா நான் கல்யாணம் பண்ணது இந்த ஊர் பொண்ண 😂 அதுக்கு பெர்மிட் விலக்கு உண்டு. உங்க நாத்தனார் பொண்ணுக்கும் இங்க மாப்பிள்ள பாக்கணும்னா சொல்லுங்க

செல்வம்: கவிதா மேடம் நம்ம ரெஸ்டாரண்ட்ல ஆள் எடுத்து எடுத்து எனக்கு அத்துப்படி. சம்பளத்த வெளிய போடாதீங்க, பக்கத்து கடைக்காரன் பாத்துட்டு 200 ஆயிரம் டாங் ஏத்தி குடுத்து தூக்கிடுவான். முதல்ல ரெண்டு மாசம் ப்ரொபேஷன் போடுங்க, ஐடி கார்டு ஒரிஜினல வாங்கி வச்சுக்கங்க, முதல் அரை மாச சம்பளத்த பிடிச்சு வச்சுக்கங்க, அப்பத்தான் நிப்பாங்க.

முரளி: செல்வம் ஒரே மெசேஜ்ல மூணு தப்பு 🤦 2019 லேபர் கோடுல தெளிவா இருக்கு, ஒரிஜினல் ஐடியோ சர்டிபிகேட்டோ முதலாளி வாங்கி வச்சுக்கக்கூடாது, பணம் டெபாசிட் மாதிரி பிடிக்கவும் கூடாது. ப்ரொபேஷன் 60 நாள்ங்கிறது காலேஜ் படிப்பு தேவைப்படுற போஸ்டுக்கு. கடை உதவியாளுக்கு வெறும் 6 வேலை நாள்தான், அந்த 6 நாளைக்கும் முழு சம்பளத்துல 85 சதவீதத்துக்கு குறையாம குடுக்கணும்.

செல்வம்: சார் ஃபேக்டரில HR-ஆ உக்காந்துக்கிட்டு சட்டம் பேசலாம், தெருவுல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. 6 நாள்ல ஒரு ஆள எப்படி சார் எடை போடுறது, பருப்பு பேரு தெரியவே பத்து நாள் ஆகும்

பாலா: இங்க என் வீட்டம்மா ஹான் பக்கத்துலதான் உக்காந்து சிரிச்சிட்டு இருக்கா. சம்பளத்த அடச்சு வைக்கிற கடைய இந்த பிள்ளைங்க பேரு போட்டு போட்டோவோட வேற குரூப்புல ஏத்திருவாங்களாம், அதுக்கப்புறம் அந்த ஏரியால ஒரு ஸ்டூடண்ட் வரமாட்டானாம். அக்கா விளம்பரத்தையும் படிச்சா. "சம்பளம் பேசிக்கலாம்"ன்னு பாத்த உடனே தாண்டி போயிடுவாங்கன்னு சொல்றா, ஒண்ணு ரொம்ப கம்மி, இல்லன்னா ஏமாத்து வேலைன்னு நெனப்பாங்களாம். "லேசான வேலை, பெரிய சம்பளம்"ன்னு போட்டு புள்ளைங்கள கம்போடியா பார்டர் தாண்டி கூட்டிட்டுப் போயி ஆன்லைன் மோசடி கம்பெனில அடச்ச கதையெல்லாம் இங்க எல்லாரும் கேட்டிருக்காங்க, அதனால விவரம் இல்லாத விளம்பரம்னாலே பயம்.

கவிதா: ஐயோ நான் கம்போடியாவுக்கு எங்க போக, பின் தாஞ் ஏரியாவ தாண்டி போகவே நேரமில்ல. சரி, 7 மில்லியன் குடுக்கலாம்னு நெனச்சேன். அத போட்டுறவா?

முரளி: போடுங்க. ஆனா 8 லேந்து 8-க்கு 7 மில்லியன்னா அங்கதான் பிரச்சனையே. ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு கழிச்சாலும் நாளைக்கு 11 மணி நேரம், வாரம் 6 நாள், 66 மணி நேரம் ஆயிடுது. சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8, வாரத்துக்கு 48 தாண்டக்கூடாது. மிச்சம் எல்லாம் ஓவர்டைம், சாதாரண நாள்லயே ஒன்றரை மடங்கு குடுக்கணும்.

கவிதா: ஓவர்டைம்னா எவ்ளோ வரும் முரளி

முரளி: மாசம் 26 நாள், நாளைக்கு 8 மணி, 208 மணி நேரம். 7 மில்லியன வகுத்தா மணிக்கு 33,650 சில்லறை. ஒன்றரை மடங்குன்னா 50,480. நீங்க நாளைக்கு 3 மணி கூட வைக்கிறீங்க, மாசம் 78 மணி, அதுவே 3.9 மில்லியன் ஆயிடும். ஆக மொத்தம் 10.9 மில்லியன் ஒரே ஆளுக்கு. அப்பவும் சட்டப்படி நிக்காது, ஏன்னா ஓவர்டைம் மாசத்துக்கு பொதுவா 40 மணி, ரொம்ப இழுத்தா 60. 78-க்கு இடமே இல்ல.

கவிதா: 😳 7 மில்லியன்னு நெனச்சது 11-ஆ

பாலா: ஹான் சொல்ற ஐடியா இது. ரெண்டா பிரிங்க அக்கா. காலைல 8 லேந்து 5 ஒரு ஆள், நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடும் குட்டித் தூக்கமும், இங்க மத்தியானம் கண்ண மூடலன்னா யாருக்கும் ஓடாது, ஸ்டாக் ரூம்ல ஒரு பாய் போட்டா போதும். சாயந்திரம் 4 லேந்து 8 ஒரு காலேஜ் ஸ்டூடண்ட், மணிக்கூலி. 4 லேந்து 5 ரெண்டு பேரும் இருப்பாங்க, கல்லா கணக்க ஒப்படைக்க சரியா இருக்கும், உங்க கடைக்கு கூட்டமும் அப்பத்தானே.

செல்வம்: ஸ்டூடண்ட்னா மணிக்கு 22 ஆயிரம் போதும். எங்க சந்துல எல்லாரும் 22 தான்.

முரளி: சைகோன் ஒண்ணாம் ரீஜன், 2026 ஜனவரிலேந்து மணிக்கு குறைஞ்சபட்சமே 25,500. உங்க சந்துல எல்லாரும் மாட்டப்போறீங்க 😂 கவிதா 28 போடுங்க. 4 மணி x 26 நாள், 104 மணி, 2.9 மில்லியன். ரெண்டு பேருக்கும் சேத்து 9.9 மில்லியன்.

கவிதா: அப்ப ஒரு மில்லியன் மிச்சம் 👏

முரளி: அவசரப்படாதீங்க, இன்சூரன்ஸ் இருக்கு. காலை ஆளு 7 மில்லியனுக்கு அவங்க பங்கு 10.5 சதவீதம், 735 ஆயிரம் பிடிப்பு, கைக்கு 6.265 தான் போகும். உங்க பங்கு 21.5 சதவீதம், அது ஒன்றரை மில்லியன். இது முன்னாடியும் நீங்க குடுக்க வேண்டியதுதான், புதுசு இல்ல. ஆனா 2025 ஜூலைல வந்த சட்டத்துல பார்ட் டைம் ஆளுக்கும், சம்பளம் அந்த கீழ்மட்ட அளவ தொட்டா, கட்டாயம் ஆயிடுச்சு. 2.9 மில்லியன் தொடும். அதுக்கு ஒரு 626 ஆயிரம் உங்க பங்கு. அதனால பெரிய மிச்சம்னு இல்ல, ஆனா மாட்டமாட்டீங்க, ஆளும் மூணு மாசத்துல முதுகு ஒடிஞ்சு ஓடமாட்டாங்க. உங்க அக்கவுண்டன்ட்ட ஒருவாட்டி காட்டிடுங்க.

செல்வம்: இன்சூரன்ஸ் வேணாம், அந்த காச கையில குடுங்கன்னு பிள்ளைங்களே கேப்பாங்க பாருங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?

முரளி: கேப்பாங்க, நிறைய பேர் கேக்குறாங்க, அது உண்மைதான். ஆனா வேணாம்னு அவங்க எழுதிக் குடுத்தாலும் கட்டாதது உங்க மேலதான் விழும்.

பாலா: அதனால 7 மில்லியன்னு மட்டும் போடாம "பிடிப்பு போக கைக்கு சுமார் 6.2"ன்னும் போட்டுறலாம்னு ஹான் சொல்றா. முதல் சம்பளம் வாங்குற அன்னைக்குத்தான் எல்லா சண்டையும் வருமாம். அப்புறம் "இதர வேலைகள்" எடுத்துருங்க, அத படிச்சா முதலாளி வீட்டு பாத்திரம், புள்ளைய ஸ்கூல்ல விடுறது, எல்லாம் சேத்துதான் நெனப்பாங்க. என்ன வேலைன்னு வரிசையா சொல்லுங்க, நான் டைப் பண்றேன்.

கவிதா: பில் போடணும், டிரான்ஸ்பர் வந்துச்சான்னு பாக்கணும், துவரம்பருப்பு உளுந்தெல்லாம் பெரிய மூட்டைலேந்து அரை கிலோ ஒரு கிலோ பாக்கெட்டா எடை போட்டு கட்டணும், அலமாரி அடுக்கணும், எக்ஸ்பயரி தேதி பாத்து பழசு முன்னாடி வைக்கணும், ஜாலோ ஆர்டர எடுத்து டெலிவரி பையன்ட்ட குடுக்கணும், சாயந்திரம் தரை கூட்டணும். வீட்டு வேலை ஒண்ணும் கிடையாது, அது எனக்கு இருக்கு 😑

பாலா: 25 கிலோ அரிசி மூட்டை யார் தூக்குவா?

கவிதா: லாரிக்காரரே உள்ள இறக்கிடுவாரு. அப்புறம் நானும் வீட்டுக்காரரும்.

பாலா: அத கண்டிப்பா போடணும், "கனமான மூட்டை தூக்கத் தேவையில்லை"ன்னு. பாதி பொண்ணுங்க அதுக்கு பயந்துதான் மளிகைக்கடைக்கு வர்றதில்லயாம். இன்னொண்ணு, வார்டு பேரு மட்டும் போடாதீங்க. 2025-ல டிஸ்ட்ரிக்ட் எல்லாம் எடுத்தப்புறம் புது வார்டு பேரு யாருக்கும் மனசுல நிக்கல, தேடுறவங்க இன்னும் பழைய பேர வச்சுத்தான் தேடுறாங்க. பழைய பேரையும் போடுங்க.

முரளி: பெண், லட்சணம், 25 வயசு எல்லாம் எடுத்துருங்க. தெருவுல ஒட்டியிருக்கிற நோட்டீஸ்ல பாதில இது இருக்குன்னு எனக்கும் தெரியும், ஆனா பாகுபாடுன்னு சட்டத்துல தடை. 18 முடிஞ்சிருக்கணும்னு மட்டும் போடுங்க.

கவிதா: ஆனா முரளி, ராத்திரி கடை அடைக்கிற நேரம் நான் தனியா இருப்பேன், பொண்ணா இருந்தா எனக்கு நிம்மதி. அத எப்படி சொல்றது?

முரளி: விளம்பரத்துல வேணாம். பேசிப் பாத்து எடுத்துக்கங்க.

பாலா: சரி, ஹான் எழுதி முடிச்சிட்டா, வியட்நாமீஸ் அப்புறம் அனுப்புறேன், தமிழ்ல இப்படி இருக்கு:

"இந்திய மளிகைக் கடைக்கு உதவியாளர் இருவர் தேவை. இடம்: பின் தாஞ் (பழைய டிஸ்ட்ரிக்ட்).
வேலை: பில், பருப்பு மசாலா எடை போட்டுக் கட்டுதல், அலமாரி அடுக்குதல், காலாவதி தேதி பார்த்தல், ஜாலோ ஆர்டர், கடை கூட்டுதல். கனமான மூட்டை தூக்கத் தேவையில்லை, வீட்டு வேலை இல்லை.
காலை ஆள்: 8 முதல் 5, நடுவில் 1 மணி நேரம் ஓய்வு, மாதம் 7 மில்லியன், இன்சூரன்ஸ் பிடிப்பு போக கைக்கு சுமார் 6.2 மில்லியன். மதிய சாப்பாடு கடையில்.
மாலை ஆள்: 4 முதல் 8, மணிக்கு 28 ஆயிரம், இன்சூரன்ஸ் பிடிப்பு உண்டு, மாணவர்கள் வரலாம், தேர்வு நேரத்தில் முன்கூட்டி சொன்னால் நாள் மாற்றலாம்.
இருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுப்பு. பழகும் காலம் 6 வேலை நாள், 85 சதவீத சம்பளம். வயது 18 முடிந்திருக்க வேண்டும், அனுபவம் தேவையில்லை, பருப்பு பெயர்கள் சொல்லித் தருவோம். சம்பளம் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி. பணம் பிடித்து வைப்பதில்லை, ஐடி கார்டு வாங்கி வைப்பதில்லை."

கவிதா: சூப்பர் 😍 ஹானுக்கு ஒரு கிலோ முறுக்கு பார்சல்.

லதா: சாப்பாடு நம்ம சாப்பாடா? அந்த பிள்ளைங்களுக்கு சாம்பார் பிடிக்குமா

செல்வம்: கடைசி வரி என்னைத்தான் குத்துது 😒 வண்டி பார்க்கிங் காசு யார் குடுக்குறது, அத போடல. எல்லாரும் பைக்லதான் வருவாங்க, அதத்தான் முதல்ல கேப்பாங்க.

பாலா: அட இது பாயிண்ட்டு. அக்கா கடை முன்னாடி இடம் இருக்கா?

கவிதா: ரெண்டு வண்டி நிக்கும். போட்டுருங்க, பார்க்கிங் ஃப்ரீன்னு.

பாலா: போட்டாச்சு. ஹான் இன்னொண்ணு கேக்குறா, டெட் புத்தாண்டு போனஸ் பத்தி என்ன எழுத? 13-வது மாச சம்பளம் குடுப்பீங்களா?

கவிதா: அது கட்டாயமா முரளி??

முரளி: சட்டத்துல கட்டாயம் இல்ல. ஆனா இல்லன்னு சொன்னா டெட் முடிஞ்சு திரும்பி வரமாட்டாங்க.

கவிதா: காலை ஆளுக்கு சரி. மணிக்கூலி ஸ்டூடண்ட்டுக்கும் குடுக்கணுமா? நாலு மாசம்தான் வேலை பாத்திருந்தா எவ்ளோ?

செல்வம்: நான் ஒரு கவர்ல 500 ஆயிரம் வச்சு குடுப்பேன்

முரளி: வேலை பாத்த மாசத்துக்கு ஏத்த மாதிரி கணக்கு பண்றதுதான் சரி

பாலா: ஹான் ரெண்டுக்கும் தலையாட்ட மாட்டேங்குறா. "டெட் போனஸ் உண்டு"ன்னு மட்டும் போட்டு ஏத்துறேன் அக்கா, தொகைய நீங்களும் வீட்டுக்காரரும் ராத்திரி பேசி சொல்லுங்க.