தொண்டையில் உருண்டை மாதிரி அடைப்பு, சாப்பாடு மட்டும் இறங்குகிறது. என்னவாக இருக்கும்?

மத்தூர்காரன்
தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கிறது. எச்சில் விழுங்கினாலும் போகவில்லை, கனைத்தாலும் வெளியே வரவில்லை. மெடிக்கலில் கேட்டதற்கு கேஸ் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. கேன்சராக இருக்குமோ என்று தூக்கமே போய்விட்டது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

பென்னாகரம் அக்கா
தம்பி, வயசு என்ன, எத்தனை நாளாக, பீடி சிகரெட் புகையிலை உண்டா, ஒன்றுமே சொல்லவில்லையே. மீன் சாப்பிட்டு முள் ஏதும் சிக்கியதா?

ஏரிக்கரை
இதே கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. மேலே தேடும் பெட்டி என்று ஒன்று இருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை போலிருக்கிறது. விவரம் இல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

மாந்தோப்பு
தைராய்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டம்மாவுக்கு இதே மாதிரி அடைக்கிறது என்றார்கள், ஸ்கேனில் கட்டி தெரிந்தது. நாளைக்கே ரத்தம் கொடுத்து டிஎஸ்எச் பாருங்க.

ஓபி சிஸ்டர்
மாந்தோப்பு அண்ணே, தைராய்டு பெரிதானாலும் அப்படி அழுத்தும், அதனால் கழுத்தைத் தடவிப் பார்ப்பது சரிதான். ஆனால் டிஎஸ்எச் சுரப்பின் அளவைத்தான் காட்டும், கட்டி இருப்பதைக் காட்டாது. கட்டி இருந்தும் அது நார்மலாக வருவது சாதாரணம். கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் விழுங்கும்போது கழுத்தின் முன்பக்கம் ஏதாவது புடைத்து மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் பெரிய கட்டி தெரியும், சின்னது தெரியாது.

மத்தூர் தம்பிக்கு ஒரே கேள்வி. களி சாப்பிடுகிறீர்களா? சாப்பிடும்போது எப்படி இருக்கிறது?

மத்தூர்காரன்
வயசு 34. பீடி, புகையிலை எதுவும் இல்லை. ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். களி தினமும் உண்டு, சுலபமாக இறங்குகிறது. சாப்பிடும் நேரத்தில் அடைப்பே தெரிவதில்லை, கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் மறுபடி வந்துவிடும். இதற்கும் களிக்கும் என்ன சம்பந்தம்?

ஓபி சிஸ்டர்
சம்பந்தம் நிறைய இருக்கிறது. களியை நாம் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். அந்த உருண்டையே தடங்கல் இல்லாமல் இறங்குகிறது என்றால் வழியை எதுவும் அடைத்துக்கொண்டு நிற்க வாய்ப்பு மிகவும் குறைவு. நிஜமான அடைப்பு சாப்பாட்டில்தான் முதலில் தெரியும். உங்களுக்கு நேர்மாறாக, வெறும் எச்சில் விழுங்கும்போது தெரிகிறது, சாப்பிட்டால் மறைகிறது. ஈஎன்டி ஓபியில் இந்தக் கதையோடு வருபவர்கள் ஏராளம்.

உணவுக்குழாயின் மேல்வாயில் ஒரு தசை வளையம் உண்டு. சும்மா இருக்கும்போது இறுகி மூடியிருக்கும், விழுங்கும்போது மட்டும் திறக்கும். பயம், அசதி, மேலே வரும் அமிலம் எதனாலோ அது கொஞ்சம் கூடுதலாக இறுகினால் உருண்டை இருப்பதுபோல் தோன்றும். எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று செய்து பாருங்கள்: எச்சிலை ஐந்தாறு தடவை விடாமல் விழுங்குங்கள். நாலாவது தடவைக்கெல்லாம் விழுங்கவே வராது, தொண்டை கெட்டியாகிவிடும். நோயே இல்லாதவருக்கும் அப்படித்தான். நீங்கள் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கனைப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கனைப்பிலும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதிக் கன்றிப்போகும், அதனால் சளி சுரக்கும், சளி வந்ததும் மறுபடி கனைக்கத் தோன்றும். தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

பென்னாகரம் அக்கா
எங்கள் பெரியப்பாவும் அடைக்கிறது என்றுதான் சொன்னார், கடைசியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய். அதனால் எனக்குக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

ஓபி சிஸ்டர்
அக்கா, அவருக்கு எது முதலில் இறங்காமல் போனது என்று ஞாபகம் இருக்கிறதா?

பென்னாகரம் அக்கா
முதலில் பரோட்டா, கறி. தண்ணீர் குடித்துக் குடித்துத் தள்ளுவார். அப்புறம் சோறும் போகாமல் குழைத்துக் கொடுத்தோம். கடைசியில் கஞ்சிதான். ஆளும் பாதியாகிவிட்டார்.

ஓபி சிஸ்டர்
அதுதான் வித்தியாசம். கெட்டியில் ஆரம்பித்து நீர் வரைக்கும் வரும், நாளுக்கு நாள் மோசமாகும், எடை இறங்கும். தம்பிக்கு இருப்பது வந்து போகும், நடுத்தொண்டையில் நிற்கும், வேலை மும்முரத்தில் மறந்தே போகும். ஒரே பக்கமாக வலித்தாலோ, காதில் கோளாறு இல்லாமல் அந்தப் பக்கக் காதுக்கும் வலி ஏறினாலோ, குரல் கட்டி மூன்று வாரத்துக்கு மேல் தெளியாவிட்டாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, துப்பினால் ரத்தம் வந்தாலோ, களி நன்றாக இறங்குகிறது என்று உட்காராமல் உடனே ஈஎன்டியைப் பாருங்கள். புகையிலைப் பழக்கம் இருப்பவர் இவ்வளவுக்குக் காத்திருக்கவே கூடாது.

தொப்பூர் காற்று
யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. நம் மாவட்டம் முழுக்க போர் தண்ணீரில் புளோரைடு. பல்லையே பழுப்பாக்குவது தொண்டையை விட்டுவைக்குமா?

ஏரிக்கரை
வந்துவிட்டார். தலைவலி வந்தாலும் இவருக்குப் புளோரைடுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013லேயே வந்துவிட்டது ஐயா.

தொப்பூர் காற்று
வந்தது பைப்புதான். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? வராத நாளில் போர் தண்ணீர்தான். நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறோம், அதனால் பரவாயில்லை.

ஓபி சிஸ்டர்
காய்ச்சினால் புளோரைடு போகாது அண்ணே, தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் அளவு கூடத்தான் செய்யும். பல்லையும் எலும்பையும் அது கெடுப்பது உண்மை. தொண்டையில் இந்த மாதிரி உருண்டை உணர்வுக்கு அதைக் காரணம் காட்டி நான் பார்த்ததில்லை.

மாந்தோப்பு
அப்போ கேஸ் மாத்திரையாவது இன்னும் கொஞ்ச நாள் போடலாமே?

ஓபி சிஸ்டர்
நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்டுப் போடலாம். தொண்டைத் தொந்தரவு மட்டும் இருப்பவர்களுக்கு பிரிட்டனில் 16 வாரம் லான்சோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2021ல் வெளியானது. மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. தம்பி, ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டதும் படுத்துவிடுகிறீர்களா?

மாந்தோப்பு
எனக்கு அந்த மாத்திரையில்தான் சரியானது. வெள்ளைக்காரன் ஆய்வு நம்ம காரத்துக்குச் சரிப்படாது.

மத்தூர்காரன்
ஆமாம், சாப்பிட்டதும் படுக்கைதான். மாமா தொண்டைப் புற்றுநோயில் போனதற்கு அப்புறம்தான் இது ஆரம்பித்தது, சொல்ல விட்டுப்போச்சு.

ஏரிக்கரை
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்.

ஓபி சிஸ்டர்
அதற்காக மனப்பிரமை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இறுக்கம் நிஜமாகவே இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பயப்பட ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நான் இங்கிருந்து உங்கள் தொண்டையைப் பார்க்க முடியாது. ஒருமுறை ஈஎன்டியில் காட்டுங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை.

தொப்பூர் காற்று
போகும்போது குடிக்கிற தண்ணீரையும் டெஸ்ட்டுக்குக் கொடுங்க.

மத்தூர்காரன்
பார்த்தாச்சு. கேமராவில் எல்லாம் சுத்தம், கழுத்திலும் ஒன்றும் இல்லை என்றார். கனைக்கக் கூடாது என்றார். அடைப்பு முழுசாகப் போகவில்லை, தூக்கம் வருகிறது. நன்றி சிஸ்டர்.

பென்னாகரம் அக்கா
எந்த ஆஸ்பத்திரி தம்பி, கேமராவுக்கு எவ்வளவு வாங்கினார்கள்?