ஐந்து நட்சத்திர மதிப்புரைக்கு எழுதிய பதிலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

வணக்கம். திருச்சியில் சிறிய தையற்கடை நடத்துகிறேன். மகளின் நிச்சயதார்த்த ரவிக்கையில் கை இறுக்கமாக இருந்ததை அன்று மாலையே பிரித்துத் தைத்துக் கொடுத்தோம் என்று, வாடிக்கையாளர் ஒருவர் கூகுள் மேப்ஸில் ஐந்து நட்சத்திரங்களுடன் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். இதுவரை எல்லோருக்கும் "தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி" என்றே பதிலளித்தேன். வரிசையாகப் படித்தபோது எனக்கே ரசீதின் அடிவரி போலத் தோன்றியது. ஆகவே இம்முறை இப்படி எழுதினேன்:

"அம்மா, அன்று பிரித்துத் தைத்தவருக்கு உங்கள் வரிகளைப் படித்துக் காட்டினேன், மிகவும் மகிழ்ந்தார். கையின் உள்ளே அரை அங்குலத் துணி விட்டிருக்கிறோம். தேவைப்பட்டால் இன்னும் தளர்த்தலாம். நன்றி."

கடைப்பெயரைத் திணிக்கவில்லை, தள்ளுபடியும் சொல்லவில்லை. அவை சேர்ந்தால் நன்றி விளம்பரமாகிவிடும். என் ஐயம் ஒன்றே: அவர் குறிப்பிடாத அந்த அரை அங்குலத்தை, ஊரே படிக்கும் பதிலில் நான் சொல்வது முறையா?