பொருள்: 'இன்டாலரன்ஸ்' = ஒவ்வாமையா, தாளாமையா? (வெள்ளிக்குள் முடிவு வேண்டும்)

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். நீடித்த மலச்சிக்கல் பற்றிப் பெற்றோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. மலமிளக்கி கொடுத்தும் சரியாகாத குழந்தைக்கு உணவு காரணமாக இருக்குமா என்பதுதான் கடைசி இயல். அதில் சீலியாக் நோய், பால்புரத அலர்ஜி, லாக்டோஸ் இன்டாலரன்ஸ், உணவு சென்சிட்டிவிட்டி என நான்கு வருகின்றன. பழைய பதிப்பில் நான்குக்கும் 'ஒவ்வாமை' என்றே இருக்கிறது. அப்படியே விடலாமா, 'இன்டாலரன்ஸ்'-க்குத் தனிச்சொல் வேண்டுமா?

இளங்கோவன்:
ஒவ்வு என்பதற்கு ஒத்திரு, பொருந்து என்று பொருள். பொருந்தாத எதுவும் ஒவ்வாதது. அலர்ஜிக்கு மட்டும் அதை ஒதுக்கியதே பிழை. சீரணம் தொடர்பானவற்றுக்கு நம்மிடம் நல்ல வினை இருக்கிறது. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் உண்டது செரித்ததை 'அற்றது' என்றே சொல்கிறார். ஆகவே 'பாலறாமை' என்க. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் அறாமல் நிற்பதைத்தானே சொல்ல வருகிறீர்கள்?

ஜெயந்தி:
ஐயா, 'பாலறாமை' என்றால் பால் வற்றாமல் சுரப்பது என்று தாய்மார் நினைத்துக்கொள்வார்கள். என் கேள்வி வேறு. பால்சர்க்கரை செரிக்காவிட்டால் வயிற்றுப்போக்குதானே வரும்? மலச்சிக்கல் கையேட்டில் அது எதற்கு? அந்தப் பத்தியையே நீக்கிவிட்டால் சொல்லும் தேவைப்படாது.

மரு. ரஹீம்:
ஜெயந்தி சொல்வது பாதி சரி. லாக்டேஸ் நொதி போதாதபோது பால்சர்க்கரை உடையாமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கே நீரை இழுக்கிறது, நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன் உண்டாக்குகின்றன. பெரும்பாலோருக்கு உப்புசமும் வயிற்றுப்போக்கும்தான். ஆனால் சிலரது குடலில் அந்த ஹைட்ரஜனை உண்டு மீத்தேன் விடும் உயிர்கள் மிகுதி. மீத்தேன் குடலின் நகர்வை மந்தமாக்கும். அவர்களுக்கு உப்புசத்தோடு மலச்சிக்கல் வரலாம். மூச்சுப் பரிசோதனையில் ஹைட்ரஜனை மட்டும் அளந்தால் இவர்கள் நழுவிவிடுவார்கள். மீத்தேனையும் அளக்க வேண்டும். பத்தியை நீக்காதீர்கள், ஆனால் இது அரிது என்று எழுதுங்கள்.

குழந்தைகளிடம் முக்கியமானது பால்புரதம். ஒரே சொல்லைப் போட்டால் ஆபத்து எங்கே என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். மூன்று வயதுக் குழந்தை. கட்டியான மலம், ஆசனவாயில் வெடிப்பு, சரியான அளவில் மலமிளக்கி கொடுத்தும் பலனில்லை. பெற்றோர் 'பால் ஒவ்வாமை' என்று படிக்கிறார்கள். கடையில் லாக்டோஸ் நீக்கிய பால் வாங்கி ஒரு மாதம் கொடுக்கிறார்கள். மாற்றம் இல்லை. 'பால் காரணமில்லை' என்று முடிவுகட்டி, பழைய பாலுக்கே திரும்புகிறார்கள். உண்மையில் சோதனையே நடக்கவில்லை. அந்தப் பாலில் சர்க்கரைதான் உடைக்கப்பட்டிருக்கிறது. புரதங்களான கேசினும் மோர்ப்புரதமும் அப்படியே இருக்கின்றன.

செய்ய வேண்டியது, மருத்துவரிடம் கேட்டு 2 முதல் 4 வாரம் பசும்பால் புரதத்தை முழுக்க நிறுத்துவது. தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, பால்பொடி சேர்ந்த ரொட்டி எல்லாம் இதில் அடங்கும். ஆட்டுப்பால் மாற்றாகாது, அதன் புரதமும் பெரும்பாலும் அதே தொல்லையைத் தரும். மலம் இளகினால் மறுபடி பாலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிக்கல் திரும்பினால்தான் பால் காரணம் என்று சொல்லலாம். அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பாலை நிறுத்தினால் கால்சியம் குறையும்.

இளங்கோவன்:
இதற்குச் சான்று உண்டா? மலச்சிக்கலுக்கும் பால்புரதத்துக்கும் என்ன தொடர்பு?

மரு. ரஹீம்:
1998-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த இத்தாலிய ஆய்வு. மலமிளக்கிக்கு அடங்காத 65 குழந்தைகளுக்குப் பசும்பாலையும் சோயாப்பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சோயாவில் இருந்தபோது 44 பேருக்குச் சரியானது, பசும்பாலில் இருந்தபோது ஒருவருக்கும் இல்லை. மலக்குடலில் அழற்சி, வெடிப்பு, வலிக்குப் பயந்து அடக்குதல், இதுதான் வழி. ஆனால் அவர்கள் சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள். அந்த விகிதத்தை எல்லா மலச்சிக்கலுக்கும் பொருத்தக் கூடாது.

தவராசா:
தனிச்சொல் வேணும் எண்டது இப்ப தெளிவு. 'ஏலாமை' எண்டு யாராவது சொல்ல முன்னம் தடுத்துவிடுறன். எங்கட பக்கம் 'ஏலாமல் கிடக்கிறார்' எண்டால் சுகமில்லை எண்டு அர்த்தம். 'சகிப்பின்மை' அரசியல் சொல்லாப் போச்சு. 'தாளாமை' எப்படி? வெயில் தாளேல்லை, பசி தாளேல்லை எண்டு இண்டைக்கும் சொல்லுறம். ஒரு அளவு மட்டும் தாங்கும், அதுக்கு மேல தாங்காது எண்டதும் அதுக்குள்ள இருக்கு.

மரு. ரஹீம்:
அந்த 'அளவு' என்பதே நொதிக் குறைபாட்டின் சாரம். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு குவளைப் பாலை, அதாவது ஏறக்குறைய 12 கிராம் பால்சர்க்கரையை, ஒரே வேளையில் தாங்குவார்கள். அலர்ஜியில் அப்படி நம்பி அளவு சொல்ல முடியாது. 'பால்சர்க்கரை தாளாமை' எனக்குச் சம்மதம்.

இளங்கோவன்:
தாள் என்பது முயற்சியும் ஆகும். தாளாண்மைக்கு எதிர்ச்சொல்லாகத் தாளாமையைச் சோம்பல் என்றும் கொள்ள இடமிருக்கிறது. குழந்தைமேல் ஏற்றும் சொல்லில் அந்த நிழல் வேண்டாம்.

பிரபு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் பல வருட மலச்சிக்கல். கோதுமையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது, நன்றாக இருக்கிறது. அப்படியானால் எனக்கு சீலியாக்தானே? ரத்தப் பரிசோதனைக்கு இப்போது போகலாமா?

மரு. ரஹீம்:
இப்போது போகாதீர்கள், பிரபு. சீலியாக் பரிசோதனை முக்கியமாகத் தேடுவது, கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது உடல் தன் சொந்தத் திசுவுக்கு எதிராகவே கிளப்பும் எதிர்ப்பொருளை. குளூட்டனை நிறுத்தினால் அது மெல்ல இறங்கிவிடும், நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் குறைந்தது 6 வாரம், நாளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை உண்டபின் பரிசோதிப்பது வழக்கம். கூடவே ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் கேளுங்கள். அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு வழக்கமான சோதனை பொய்யாகத் தவறும். நிறுத்தியதும் நலமானது சீலியாக்கைக் காட்டாது. கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்னும் சர்க்கரைத் தொடர் குறைந்ததாலும் அப்படி ஆகலாம்.

கயல்விழி, இந்த எச்சரிக்கை கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கட்டும்: பரிசோதனைக்கு முன் குளூட்டனை நிறுத்தாதீர்கள். இன்னொன்று, நோய் உறுதியாகி குளூட்டனை நிறுத்தியபின் மலச்சிக்கல் கூடுவதும் உண்டு. மாவுப்பொருள் மட்டுமே உள்ள மாற்று ரொட்டியில் நார் குறைவு.

இளங்கோவன்:
குளூட்டன் என்று ஏன்? 'பசையம்' இருக்கிறதே. இலத்தீனிலும் அதற்குப் பசை என்றே பொருள்.

கயல்விழி:
பொட்டலத்தில் 'குளூட்டன்' என்று தேடுவார்கள், ஐயா. முதல் இடத்தில் 'பசையம் எனப்படும் குளூட்டன்', பிறகு குளூட்டன் மட்டும். 'சென்சிட்டிவிட்டி'-க்கு 'நுண்ணுணர்வு' என்று போட்டுப் பார்த்தேன், பாராட்டுப்போல ஒலிக்கிறது.

ஜெயந்தி:
அதற்குப் பெயரே வேண்டாம். சீலியாக்கும் அலர்ஜியும் இல்லை என்று தெரிந்தபின் எஞ்சுவதுதானே அது? 'காரணம் உறுதியாகாத உணவுத் தொல்லை' என்று எழுதலாம்.

கயல்விழி:
இரவு பதினொன்று ஆகிறது, அனுப்பிவிடுகிறேன். சீலியாக் நோய் (தன்னுடலைத் தானே தாக்கும் நோய் என்ற விளக்கத்துடன்), பால்புரத ஒவ்வாமை, பால்சர்க்கரை தாளாமை, காரணம் உறுதியாகாத உணவுத் தொல்லை. 'லாக்டோஸ் நீக்கிய பால் புரத ஒவ்வாமைக்கு உதவாது' என்பது பெட்டிச் செய்தி. தாளாமைக்கு ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.

இளங்கோவன்:
எதிர்ப்பைப் பதிவுசெய்யுங்கள். அடுத்த பதிப்பில் 'அறாமை'யை மறுபடி எடுப்பேன்.

தவராசா:
எடுங்கோ ஐயா. ஆனா 'அறாமை'க்குள்ள அந்த அளவுக் கணக்கு எங்க இருக்கெண்டும் சேர்த்து எழுதுங்கோ.