வசந்தா சித்தியின் ஸ்கேன் ரிப்போர்ட்

வசந்தா சித்தி: எலும்பு அடர்த்தி பார்க்கற டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு. இடுப்புல டி-ஸ்கோர் -2.6, எலும்பு மெலிஞ்சிருக்காம். மாத்திரையோட தசைக்குப் பயிற்சியும் பண்ணச் சொன்னார் டாக்டர். தினம் 45 நிமிஷம் நடக்கறேனே, பத்தாதா?

பெரியப்பா: தாராளமாப் போதும். காலைல குனிஞ்சு கட்டைவிரலைத் தொடு, 20 தடவை. நான் 72 வயசுலயும் தொடறேன்.

கவிதா: பெரியப்பா, நீங்க தொடுங்க, சித்திக்கு அது வேண்டாம். எலும்பு மெலிஞ்சவங்க முதுகை வளைச்சுக் குனிஞ்சா முள்ளெலும்போட முன்பக்கத்துல அழுத்தம் விழும், அங்கதான் நசுங்கும். கீழ கிடக்கறதை எடுக்கறதுகூட முட்டியை மடக்கி, முதுகை நேரா வெச்சுதான். நடைய நிறுத்தாதீங்க சித்தி. ஆனா சமதரையில நடக்கறப்ப தொடைக்குச் சுமை ஏறிக்கிட்டே போகாதே.

கவிதா: முதல்ல ஒரு அளவு எடுப்போம். 17 அங்குல உயரமுள்ள, கை வைக்காத நாற்காலி, சுவரை ஒட்டி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுது? பக்கத்துல சித்தப்பா நிக்கட்டும்.

வசந்தா சித்தி: 8. கடைசி ரெண்டுக்குத் தொடையில கை ஊனிட்டேன்.

கவிதா: கண்டிப்பா பார்த்தா கை ஊனினாலே பூஜ்யம்தான். நமக்கு ஆரம்ப அளவுதானே வேணும், 6னு எழுதிக்கறேன். 65லேருந்து 69 வயசுப் பெண்களுக்கு 11க்குக் கீழ வந்தா கால் பலம் குறைவுன்னு கணக்கு.

கார்த்திக்: அக்கா, ஆஸ்திரேலியாவுல 2018ல வந்த லிஃப்ட்மோர் ஆய்வுல மாதவிடாய் நின்ன பெண்கள் கனமான எடையே தூக்கினாங்க, 5 செட், செட்டுக்கு 5 தடவை. எலும்பு அடர்த்தியும் ஏறுச்சு. சித்தியும் நேரா ஜிம்முக்கே போகலாமே?

கவிதா: அது சரிதான், ஆனா பாதிதான் சொல்றே. வாரம் ரெண்டு நாள், எப்பவும் பயிற்சியாளர் கண் முன்னாடி, முதல்ல லேசா பழக்கிட்டுத்தான் எடை ஏத்தினாங்க. நான் சொல்ற நாற்காலிப் பயிற்சியால அடர்த்தி பெரிசா ஏறும்னு சொல்ல மாட்டேன். தொடை பலமானா விழறது குறையும். இடுப்பு பெரும்பாலும் விழுந்துதான் உடையுது.

வசந்தா சித்தி: சரி, எப்படி ஆரம்பிக்கணும்?

கவிதா: நாற்காலியில ஜமக்காளத்தை மடிச்சுப் போட்டு 3 அங்குலம் உயர்த்துங்க, கை ஊனாம எழ வரும். திங்கள், புதன், வெள்ளி மட்டும். 8 தடவை, 2 நிமிஷம் ஓய்வு, திரும்ப 8. எழும்போது மூச்சை விடுங்க, அடக்கினா பிபி குபீர்னு ஏறும். உட்காரும்போது மனசுக்குள்ள 1, 2, 3 எண்ணிக்கிட்டே இறங்குங்க. கடைசி ஒரு சாண் தொப்புனு விழுந்தீங்கன்னா உயரம் பத்தலைனு அர்த்தம், இன்னொரு மடிப்பு போடுங்க. முட்டி ரெண்டும் உள்பக்கம் சாயாம கால் விரலைப் பார்த்தே இருக்கணும்.

மாமா: எனக்கு முட்டி வலி இருக்கு. நானும் இதைப் பண்ணினா வலி போயிடுமா?

கவிதா: மாமா, கேள்வி எலும்பு பத்தி. ஆனாலும் சொல்றேன்: செய்யும்போது லேசா வலிச்சா பரவாயில்லை. மறுநாள் காலைல வழக்கத்தைவிட அதிகமா வலிச்சாலோ வீங்கினாலோ அந்த அளவு உங்களுக்கு அதிகம். வலி போகுமான்னு முட்டியைப் பார்க்காம சொல்ல முடியாது.

வசந்தா சித்தி: எப்ப ஏத்தறது?

கவிதா: ரெண்டு செட்டுலயும் 12 வந்து, அது அடுத்த பயிற்சி நாளும் வந்தா ஒரு மடிப்பை எடுங்க. எடுத்தா திரும்ப 8லேருந்து. ஜமக்காளம் முழுசும் போனப்புறம்தான் எடை: 1 லிட்டர் தண்ணி பாட்டிலை மார்போட அணைச்சுக்கோங்க, அது 1 கிலோ. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாறணும், உயரமோ எடையோ. முடிச்சப்புறம் இன்னும் அஞ்சாறு முறை சுலபமா வரும்னு தோணினா அது சும்மா உட்கார்ந்து எழறதுதான்.

பெரியப்பா: பேலன்ஸுக்கு ஒத்தைக் கால்ல நிக்கச் சொல்லு.

கவிதா: பேலன்ஸ் பயிற்சியில அது நாலாவது படி, பெரியப்பா. சித்தி சமையல் மேடையை ஒட்டி நின்னு, ஒரு குதிகாலை இன்னொரு கால் விரல் நுனியில ஒட்டி வெச்சு நிக்கட்டும். கை மேடைக்கு மேலயே தயாரா இருக்கணும். 10 செகண்ட் ஆடாம நிக்க வந்தா அப்புறம் ஒத்தைக் கால். ஈரத் தரையில, சாக்ஸோட வேண்டாம்.

கவிதா: சித்தி, இன்னொண்ணு. உங்க உயரம் குறைஞ்சிருக்கா?

வசந்தா சித்தி: பாஸ்போர்ட் எடுத்தப்ப 5 அடி 2. போன வாரம் கிளினிக்ல 5 அடிதான். வயசானா குறையறதுதானே?

கவிதா: 2 அங்குலம் அதிகம். சிறுவயசு உயரத்துலேருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல குறைஞ்சாலே முள்ளெலும்பு வலிக்காம நசுங்கியிருக்கான்னு பார்க்கணும். டாக்டர்கிட்ட சொல்லி முதுகுக்கு எக்ஸ்ரே கேளுங்க. அது வர்ற வரைக்கும் ஜமக்காளமும் சமையல் மேடையும் மட்டும்தான். பாட்டிலைத் தொடாதீங்க.

வசந்தா சித்தி: நாளைக்கே போன் பண்றேன். 10 கிலோ அரிசி மூட்டையை இனி யார் தூக்கறது?

மாமா: நான் தூக்கறேன். முட்டிக்கு ஒண்ணும் ஆகாதே?