காதோரம் மொழிபெயர்ப்பது: கூட்டத்தில் ஒருவருக்காக மட்டும் பேசிய அனுபவங்கள்

ஒரகடம்வாசி

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஜப்பானிய மொழி இன்டர்பிரெட்டராக இருக்கிறேன். வாரம் ஒருமுறை தரக் கூட்டம் நடக்கும். மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். பொது மேலாளர் ஒருவர் மட்டும் ஜப்பானியர். அவருக்குச் சற்றுப் பின்னால், தோளோரம் உட்கார்ந்து, நடப்பதை எல்லாம் நடக்கும்போதே அவர் காதில் சொல்லவேண்டும். மற்றவர்கள் நிறுத்திக் காத்திருக்க மாட்டார்கள்.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் வேகமாகப் பேசுவதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். எனக்கு உண்மையில் வேலை வைப்பது வாக்கியத்தின் வரிசை. தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில் வரும். அதனால் யாராவது சுத்தமான தமிழில் பேசினால் அவர் பின்னாலேயே ஓடிவிடலாம். ஆங்கிலத்துக்குத் தாவினால் கதை மாறிவிடும். ஒரு தொகுதி உதிரிபாகத்தைப் பற்றி, “இந்த லாட்டை அனுப்ப முடியாது” என்பதை முதலில் சொல்லிவிட்டு, “கஸ்டமர் ஒத்துக்கொண்டால் தவிர” என்ற நிபந்தனையைப் பின்னால் ஒட்டுவார்கள். ஜப்பானிய மொழியில் நிபந்தனை முதலில், “முடியாது” கடைசியில். ஆக, அந்த “முடியாது” வாயில் வராமல் மண்டையிலேயே நிற்கும், அதன்மேல் அடுத்த வாக்கியம் வந்து விழும். கூட்டத்தில் ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டு மொழிக்கும் மாறி மாறிப் போவார்.

நான் செய்வது, காத்திருக்காமல் வெட்டிவிடுவது. “இந்த லாட் இப்போதைக்குப் போகாது. கஸ்டமர் ஒத்துக்கொண்டால் போகும்.” இரண்டு குட்டி வாக்கியம். அழகாக இருக்காது, ஆனால் எதையும் சுமக்க வேண்டியதில்லை. பேசுபவருக்கு இரண்டு மூன்று விநாடி பின்னால் இருப்பது எனக்குச் சரியாக வருகிறது. அதற்கும் நெருங்கினால் அர்த்தம் தெரியாமலே சொல்லத் தொடங்கிவிடுகிறோம். தள்ளிப்போனால் வாக்கியத்தின் வால் மறந்துபோகிறது.

உங்கள் அனுபவம் எப்படி? முக்கியமாக எண்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சரவெடி

பாஸ், எண்களுக்கு எல்லாம் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். நான் தோல் பொருள் கண்காட்சியில் ஒரு இத்தாலியருக்கு ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறேன். சாரத்தை மட்டும் கொடுத்தால் போதும், கேட்பவருக்கும் நிம்மதி. இன்னொன்று, தொண்டையை மிச்சப்படுத்த வேண்டும் என்றால் குரலே எழுப்பாமல் வெறும் காற்றில் ரகசியம் பேசுவது போலப் பேசுங்கள். நான் அப்படித்தான் பேசினேன், பக்கத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

மேப்பிள் நிழல்

சரவெடி தம்பி, சாரம் கண்காட்சிக்குச் சரி, எல்லா இடத்துக்கும் சரி வராது. நான் டொராண்டோவில் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில் இருந்து, நீதிபதியும் வழக்கறிஞர்களும் சாட்சியும் கதைக்கிற அத்தனையையும் அவர் காதில் தமிழில் சொல்ல வேண்டும். இங்கே 1994-இல் உச்ச நீதிமன்றம் டிரான் என்பவருடைய வழக்கில் இதற்கு ஒரு அளவுகோலே வைத்தது. மொழிபெயர்ப்பு தொடர்ச்சியாக, துல்லியமாக, பக்கச்சார்பில்லாமல், திறமையாக, நடக்கிற நேரத்திலேயே கிடைக்க வேண்டும் என்று. அந்த வழக்கில் மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் சொல்லாமல் சுருக்கித்தான் சொல்லியிருந்தார். மறு விசாரணை நடத்த வேண்டி வந்தது. என்னுடைய வேலையில் சாரம் சொல்கிற உரிமை எனக்கு இல்லை.

காற்றில் பேசுவதைப் பற்றியும் சொல்கிறேன். அது தொண்டையை மிச்சப்படுத்தாது, பலருக்கு எதிர்மாறாகத்தான் நடக்கும். குரல் இல்லாமல் ஒலியைத் தள்ளும்போது குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி நிற்கும். அரை மணி நேரம் அப்படிக் கதைத்தால் தொண்டை வறண்டு, பிறகு சாதாரணமாகக் கதைக்கிறபோதே குரல் உடையும். இதைவிட, ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் காற்றில் கூராக வந்து இரண்டு வரிசை தள்ளி இருப்பவர் வரைக்கும் போகும். நான் உண்மையான குரலையே இறக்கி, நெஞ்சில் அதிர்கிற மாதிரித் தாழ்ந்து கதைப்பேன். அது அவருடைய காதோடு நின்றுவிடும்.

அகல்விளக்கு

எனக்கும் இதேதான் நடந்தது. மாமியாருக்கு இதய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். டாக்டர் ஒரு விஷயம் சொல்லி நிறுத்துவார், நான் அத்தைக்குச் சொல்வேன், அத்தை கேள்வி கேட்பார், நான் திருப்பிச் சொல்வேன். மாத்திரை பெயர்கள்தான் நினைவில் நிற்கவில்லை, அதனால் செல்போனில் ரெக்கார்ட் செய்துகொண்டேன். நீங்களும் ரெக்கார்ட் செய்து வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லலாமே?

ஒரகடம்வாசி

அகல்விளக்கு மேடம், நீங்கள் செய்தது முறை வைத்துப் பேசுவது. டாக்டர் உங்களுக்காக நிறுத்தினார். இங்கே யாரும் நிறுத்துவதில்லை. மேலாளர் அந்த நிமிடமே குறுக்கிட்டு முடிவு சொல்லவேண்டும், வீட்டுக்குப் போய்க் கேட்டால் லாட் லாரியில் ஏறியிருக்கும்.

எண் விஷயத்துக்கு ஒரு நிஜமான வாக்கியத்தையே வைத்துப் பார்ப்போம். உற்பத்திப் பொறுப்பாளர் சொல்கிறார்: “போன மாசம் 3.4 லட்சம் பீஸ் அனுப்பினோம், 1,250 ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது, 900-ஐ ரீவொர்க் பண்ணிட்டோம், மீதி 350-ஐ ஸ்கிராப் பண்ணல, டிவியேஷன் கேட்டு ஹோல்டுல வச்சிருக்கோம்.”

ஜப்பானிய மொழியில் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள், அந்த அலகுக்கு ‘மான்’ என்று பெயர். ஒரு லட்சம் 10 மான். அப்போது 3.4 லட்சம் 34 மான். ஒரு கோடி 1,000 மான். இதே ஆள் “2.5 மில்லியன்” என்றால் 250 மான். கணக்கு எளிது, ஆனால் அதற்குப் போகும் ஒரு விநாடியில் 1,250 காதில் விழாமல் கடந்துவிடும். மற்ற சொற்கள் தவறினால் முன்பின் வைத்து ஊகிக்கலாம். எண்ணை ஊகிக்க வழியே இல்லை.

அதனால் எண் வந்தவுடன் எழுதிவிடுவேன். மடியில் வைக்கும் குறிப்பேடு அல்ல, மேலாளருக்கும் தெரியும்படி மேசை விளிம்பில் ஒரு தாள். எழுதும்போதே மானுக்கு மாற்றிவிடுவேன். 34 மான், அதற்குக் கீழே 1,250, அதிலிருந்து இரண்டு கோடு பிரிந்து 900, 350. 350-ஐச் சுற்றி ஒரு கட்டம், அதுதான் ஹோல்டு, அதாவது அளவில் சற்று விலகியிருந்தாலும் ஏற்க டிவியேஷன் அனுமதி கேட்டு நிறுத்தி வைத்தது. அவர் எண்களைக் கண்ணால் எடுத்துக்கொள்கிறார், என் வாய் வினைகளை மட்டும் சொல்கிறது: போனது, திரும்பியது, சரிசெய்தாயிற்று, ஸ்கிராப் ஆகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த வாக்கியத்தில் உயிரே கடைசி இரண்டு வினையில்தான் இருக்கிறது. எண்களை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு “பண்ணல” என்பதை விட்டால், 350 பீஸ் அழிந்துவிட்டதாக அவர் நினைப்பார்.

ஏதோ விழுந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் அவர் பேனாவைப் பார்ப்பேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி அந்தத் தாளைத் திரும்பப் பார்த்தால் கணக்கு கூடவில்லை என்று அர்த்தம்.

தென்னங்கீற்று

நான் கேட்கும் பக்கத்தில் இருந்தவன். பயிற்சிக்காக நகோயா அருகே ஒரு ஆலையில் இருந்தேன். காலைக் கூட்டத்தில் ஒரு ஜப்பானிய அம்மா என் காதில் ஆங்கிலத்தில் சொல்வார்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அவர் ஒவ்வொரு ஆள் மாறும்போதும் முதலில் “டை பிரிவு”, “பெயின்ட் பிரிவு” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடங்குவார். காதில் எப்போதும் ஒரே குரல் என்பதால், அது இல்லாவிட்டால் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்றே தெரியாது. அடுத்தது, நான் கேள்வி கேட்க வாய் திறக்கும்போது பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். அதைக் கவனித்து, கூட்டத்தை நடத்துபவரிடம் அவரே போய், ஒரு விஷயம் முடிந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகும்படி கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நானும் அந்தக் கூட்டத்தில் இருப்பதாக உணர்ந்தேன். அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

ஆனால் ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் கடைசிப் பகுதியில் அவர் குரல் தட்டையாகிவிடும். சொற்கள் வரும், ஒன்றோடொன்று ஒட்டாது.

மேப்பிள் நிழல்

தென்னங்கீற்று சொன்ன கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. ஒலிபுகாத அறைக்குள் இருந்து மொழிபெயர்ப்பவர்களுக்குக்கூட அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். 1998-இல் ஜெனீவாவில் செய்த ஒரு ஆய்வில், மாறாமல் தொடர்ந்தவர்களுடைய பிழைகள் கூடிக்கொண்டு போயின, அது அவர்களுக்கே தெரியவில்லை என்று கண்டார்கள். அவர்களுக்காவது காதில் ஒலி சுத்தமாக வரும். எங்களுக்கு எங்கள் குரலே பேசுபவருடைய குரலை மறைக்கும். ஏசி சத்தம், கதிரை இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் தாண்டித்தான் கேட்க வேண்டும். நீண்ட வழக்கென்றால் நான் இரண்டாவது ஆளைக் கேட்பேன். சாட்சி சொன்னது கேட்கவில்லை என்றால் கையை உயர்த்தி நீதிபதியிடம் சொல்லுவேன். ஊகித்து நிரப்ப மாட்டேன்.

சரவெடி

அக்கா, தொண்டை விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். அந்த மூன்று நாளும் சாயங்காலம் எனக்குக் குரல் கம்மிப்போனது, கண்காட்சித் தூசி என்று நினைத்தேன். ஆனால் சாரம் பற்றி இன்னும் கேட்கிறேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது முழுசாகச் சொல்ல யாரால் முடியும்? அங்கே சாரம்தானே சொல்ல வேண்டும்?

ஒரகடம்வாசி

அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. அப்போது நான் “மூன்று பேர் பேசுகிறார்கள், டை மாற்றுவதா என்று சண்டை” என்று சொல்லிவிட்டு, முடிவெடுக்கப் போகிறவர் குரலை மட்டும் பிடித்துக்கொள்வேன். விடுபட்டிருக்கிறது என்பது மேலாளருக்குத் தெரிய வேண்டும், அது முக்கியம்.

ஆலைக்குள் இயந்திரங்களுக்கு நடுவே போகும்போது காதோரம் சொல்வது நடக்காது. கத்த வேண்டியிருக்கும். அதற்குச் சுற்றுலா வழிகாட்டிகள் வைத்திருப்பது போன்ற சின்ன மைக்கும் இயர்போனும் வாங்கிக் கொடுத்தார்கள், நிம்மதி.

எனக்கு இன்னும் விடை கிடைக்காத விஷயம் வேறு. கூட்டத்தில் நம் ஆட்கள் தங்களுக்குள் தமிழில் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். “இதை இப்ப சொல்லாத, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று. அதையும் சொல்வதா?

மேப்பிள் நிழல்

நீதிமன்றத்தில் என் காதில் விழுந்தால் சொல்லியே ஆக வேண்டும்.

தென்னங்கீற்று

ஆலையில் அப்படிச் செய்தால் அடுத்த வாரம் முதல் உங்கள் முன்னால் யாரும் எதுவும் பேச மாட்டார்கள், மேலாளருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். பக்கத்து ஆளோடு பேசியதை விட்டுவிடலாம் என்பேன்.

ஒரகடம்வாசி

புதிதாக யாராவது கூட்டத்துக்கு வந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், என் காதுக்கு எட்டுவது எல்லாம் அவருக்கும் போகும் என்று. அதற்குப் பிறகும் பேசினால் சொல்கிறேன். இரண்டு பேர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மேப்பிள் அக்கா, நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரிடம் ரகசியமாகச் சொல்வது உங்கள் காதில் விழுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?