மேன்டிலில் மிஞ்சிய நிக்கலும் இரிடியமும்: விளக்க உதவி வேண்டும்

வணக்கம். தனிமங்களைப் பாறை, இரும்பு, கந்தக நாட்டம் கொண்டவை என்று கோல்ட்ஷ்மிட் பிரித்ததை வகுப்பில் நடத்தப் போகிறேன். கனமானது அடியில் இறங்கியது என்ற விளக்கத்தை விட்டுவிட்டேன். யுரேனியம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஆனால் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்வதால் பாறையோடு மேலோட்டுக்கு வந்துவிட்டது. மூழ்கியது உருகிய இரும்புதான். தங்கம், பிளாட்டினம், இரிடியம் எல்லாம் பெரும்பாலும் அதில் கரைந்து பூமியின் நடுவிலுள்ள கருவத்துக்குப் போயின. செம்பு, ஈயம் போன்றவை கந்தகம் கிடைக்கும் இடத்தில் சேர்கின்றன. அவற்றுக்கென்று தனி அடுக்கு இல்லை. இதுவரை சரி.

சிக்கல் இனிமேல்தான். நிக்கலும் இரும்பு நாட்டம் உள்ளதே, ஆனால் கருவத்துக்கும் மேலோட்டுக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கான மேன்டிலில் சுமார் 0.2% இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் உலோகத்தையும் பாறையையும் உருக்கி அளந்த பங்கீட்டை வைத்துப் பார்த்தால் இவ்வளவு மிஞ்சக் கூடாது. ஆழத்தில், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும், நிக்கலின் இரும்பு நாட்டம் குறைகிறது என்பது விடை.

இரிடியமும் மேன்டிலில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, ஆனால் அதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள்: கருவம் உருவான பிறகு விழுந்த விண்கற்கள் கொண்டுவந்தவை. ஆஸ்மியம், இரிடியம், பிளாட்டினம் மூன்றும் மேன்டிலில் ஏறக்குறைய விண்கல்லின் விகிதத்திலேயே இருப்பதுதான் சான்றாம்.

ஒரே விகிதம் இருந்தால் அழுத்தம் காரணமல்ல என்று ஏன் முடிவு செய்கிறோம்? ஒவ்வொரு தனிமத்தின் பங்கீடும் அழுத்தத்தோடு வெவ்வேறு அளவில் மாறும் என்பதாலா? தெரிந்தவர்கள் எண்களோடு ஓர் எடுத்துக்காட்டு போட்டுக் காட்டினால் பெரிய உதவி.