டைவ் டேபிள் அளவுக்குள் இருந்தும் உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டும் பெண்ட்ஸ் வந்தது, இப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கடல்காகம்: அந்தமான் ஹேவ்லாக்கில் போன சீசனில் என்னோடு இறங்கிய நண்பருக்கு நடந்தது. அன்றைக்கு அதுதான் முதல் டைவ். அதிகபட்ச ஆழம் 24 மீட்டர். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டேபிளில் 25 மீட்டர் வரிசையில் 29 நிமிடம் என்று இருக்கிறது, நாங்கள் 24வது நிமிடத்திலேயே மேலே கிளம்பிவிட்டோம். சுமார் 10 மீட்டரில் அவருடைய மிதவைச் சட்டையான பிசிடியில் இருந்த காற்று விரிந்து ஆளைத் தூக்கிவிட்டது, அதை வெளியே விடுவதற்குள் நீர்மட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். 5 மீட்டரில் நிற்க வேண்டிய 3 நிமிடமும் போச்சு.

படகில் நன்றாகத்தான் இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து இடது தோளில் வலி, சிலிண்டர் தூக்கியதால் இருக்கும் என்றார்கள். ஆனால் அழுத்தினாலும் கையைச் சுழற்றினாலும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாயங்காலம் விரல் நுனி மரத்துப்போனதும் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படகிலேயே போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனோம். அழுத்த அறையில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கத் தொடங்கி, முடிய ஐந்து மணி நேரம் ஆனது. வலி அறைக்குள் இருக்கும்போதே போய்விட்டது, மரப்பு மட்டும் இரண்டு மூன்று நாள் இருந்தது. டேபிளை மீறவே இல்லையே, பின் ஏன்?

நீலத்திமிங்கிலம்77: வேகமாக ஏறினால் நுரையீரலுக்குத்தான் ஆபத்து, மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வந்தால் போதும். டேபிள் அளவுக்குள் இருந்தால் நைட்ரஜனைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆழ்கடலான்: நுரையீரல் பற்றிச் சொன்னது சரி, இரண்டாவது சரியில்லை. அந்த 29 நிமிடம் நீரில் இறங்கியதிலிருந்து மேலே கிளம்பும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு நீங்கள் மெதுவாகத்தான் ஏறுவீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் டேபிளே போட்டிருக்கிறார்கள். பொழுதுபோக்கு டைவிங் டேபிளில் நிமிடத்துக்கு 18 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அமெரிக்கக் கடற்படை 9 மீட்டர்தான் என்கிறது. வேகத்தை மீறினால் டேபிளை மீறியதுதான்.

1908இல் உடலியலாளர் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து முதல் டேபிளைப் போட்டபோது, உடம்பை ஐந்து வகைத் திசுக்களாக வைத்துக் கணக்குப் பார்த்தார். வேகமானது நைட்ரஜனால் 5 நிமிடத்தில் பாதி நிரம்பும், மெதுவானதற்கு 75 நிமிடம் ஆகும். உங்கள் நண்பர் 24 நிமிடம் இருந்ததில் அந்த 5 நிமிடத் திசு கிட்டத்தட்ட முழுதாக நிரம்பியிருக்கும். காலியாவதும் அதே வேகத்தில்தான், 5 நிமிடம் எடுத்து ஏறினால் கூடுதலாகச் சேர்ந்ததில் ஒரு பகுதி நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடும். அவருக்கு அந்த நிமிடங்கள்தான் கிடைக்கவில்லை. அதுவும் எந்த இடத்தில் பாருங்கள். 30 மீட்டரிலிருந்து 20க்கு வரும்போது அழுத்தம் 4 பாரிலிருந்து 3 ஆகிறது, கடைசி 10 மீட்டரில் 2 பாரிலிருந்து 1, அதாவது பாதியாகிவிடுகிறது. குமிழி கிளம்பவும் பெருக்கவும் அதுதான் தோதான இடம்.

முத்துநகரான்: தூத்துக்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா சங்கு குளிக்கப் போவார், கம்ப்ரசர் ஓஸ் வழியாகத்தான் மூச்சு. பத்துப் பாக ஆழத்தில் காலையில் இறங்கினால் மதியம் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், டேபிளாவது ஒன்றாவது. கால் மூட்டு குடைந்தால் திரும்பக் கொஞ்ச நேரம் கீழே போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்பார். உங்கள் நண்பரும் அப்படிச் செய்திருக்கலாமே?

ஆழ்கடலான்: தயவுசெய்து வேண்டாம். கீழே போனதும் குமிழி சுருங்கி வலி குறையும், உண்மைதான். ஆனால் காற்றைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் நைட்ரஜன் ஏறும், மறுபடி மேலே வரும்போது முன்பைவிட மோசமாகலாம். நீருக்கடியில் கால் மரத்துப்போனால் ஆளையே இழந்துவிடுவோம். சித்தப்பாவின் மூட்டை ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், பல வருடம் இப்படிக் குளித்தவர்களுக்கு இடுப்பு, தோள் எலும்பின் தலைப்பகுதி செத்துப்போவது உண்டு.

முத்துநகரான்: இடுப்பு வலி இருக்கிறது, வயசு என்று விட்டுவிட்டோம். கூட்டிப்போகிறேன்.

பவளத்திட்டு: ஆழ்கடலான், ஒரு சந்தேகம். மூட்டு மெதுவாக நிரம்பும் திசு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 24 நிமிடத்தில் தோள் எப்படி?

ஆழ்கடலான்: நியாயமான கேள்வி. விரல் மரத்தது நரம்பு, அதற்கு நான் சொன்ன கணக்குப் பொருந்தும். தோளை அது முழுதாக விளக்கவில்லை. டேபிள் பலரை வைத்துப் போட்டது, தனி ஆளின் உடம்பு அதற்குத் தெரியாது. கடல்காகம், அவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவித் துளை இருக்கிறதா என்று பார்த்தார்களா? இருந்தால் நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் நேராகத் தமனிக்குள் போய்விடும்.

கடல்காகம்: எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் எடுக்கவில்லை. விமானத்துக்கும் டாக்டர் அனுமதி கொடுத்த பிறகுதான் ஊருக்கு வந்தார். எக்கோ முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.